முன்கூட்டியே பணம் செலுத்திய வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: "தனியாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு அவர்களுடைய இயந்திரத்துக்கான பயனர் கையேட்டை வடிவமைத்துக் கொடுத்தேன். மார்ச் 3ஆம் தேதி பில் அனுப்பினேன், 30 நாள் அவகாசம். 12ஆம் தேதியே பணம் வந்துவிட்டது. அடுத்த மாடல் வரும்போது இந்தக் கையேட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நன்றி சொல்லி, பணம் கிடைத்ததை உறுதிசெய்து, அடுத்த வேலையையும் நாசூக்காக நினைவூட்ட வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது: 'மிக்க நன்றி! இவ்வளவு சீக்கிரம் பணம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. முழுத் தொகையும் வந்துவிட்டது. இந்த மாதம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அடுத்து ஏதாவது வேலை இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.' சரியாக இருக்கிறதா?"

உங்கள் வரைவில் மூன்று சேதிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே ஆளுக்குச் சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்துக்குள் அவை பெரும்பாலும் மூன்று பேருக்கு உரியவை. பணம் கிடைத்தது என்ற செய்தி கணக்குப் பிரிவில் உங்கள் பில்லைப் பதிவுசெய்து பணம் அனுப்பியவருக்குத் தேவை. நன்றி, அந்தப் பில்லைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவருக்குச் சேர வேண்டும். அடுத்த வேலை பற்றிய குறிப்பு, அடுத்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் கண்ணில் பட வேண்டும். இந்த மூவரும் ஒருவரேயாக இருக்கலாம், சிறிய நிறுவனங்களில் அப்படித்தான் இருக்கும். இல்லாதபோது மூன்றையும் கலந்து எழுதினால், எதுவும் உரியவரிடம் போய்ச் சேராது. வெளியாட்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போது உங்களைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், பணம் ஏன் சீக்கிரம் வந்தது என்று பார்ப்போம். நிறுவனங்களில் பில் வந்தவுடன் யாரும் பணம் அனுப்புவதில்லை. கொள்முதல் ஆணை இருந்தால் அதனோடு பில்லை ஒப்பிடுவார்கள். வேலை முடிந்துவிட்டது என்று அதை வாங்கிக்கொண்டவர் உறுதி சொல்ல வேண்டும். அதன் பிறகு அது பணம் அனுப்பும் பட்டியலில் ஏறும். பல இடங்களில் அந்தப் பட்டியலை வாரம் ஒரு முறையோ, மாதத்தில் இரண்டு முறையோ மொத்தமாக ஓட்டுவார்கள். உங்கள் பில் 9ஆம் நாளே பணமாகியிருக்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் கூடி வந்திருக்கும்: வாடிக்கையாளர் பில்லைக் கிடப்பில் போடாமல் ஒப்புதல் கொடுத்து அனுப்பியிருப்பார், அந்த வாரப் பட்டியல் மூடுவதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது தற்செயல். முதலாவது ஒரு மனிதர் செய்த காரியம், நன்றிக்கு உரியது அதுதான். "பில்லை உடனே பார்த்து அனுப்பி வைத்ததற்கு நன்றி" என்று எழுதினால், தான் செய்ததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். "இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை" என்று எழுதினால், உங்களிடம் பணம் தாமதமாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன் என்றும் அதைப் படிக்கலாம். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லைதான். ஆனால் எழுத்தில் குரல் கேட்காது.

"இந்த மாதம் பெரிய உதவியாக இருந்தது" என்ற வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதில் பொய் இல்லை, மனிதர்களுக்கிடையே சொல்லக்கூடாத செய்தியும் இல்லை. ஆனால் அடுத்த வேலைக்கு நீங்கள் விலை சொல்லும்போது, எதிரில் இருப்பவர் மனதில் அது எங்கோ ஒரு மூலையில் இருக்கும். கையில் பணம் குறைவாக இருப்பவர் விலையைக் குறைப்பார் என்று கணக்குப் போடுவதற்குக் கெட்ட மனிதராக இருக்க வேண்டியதில்லை. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இனி பணம் கிடைத்ததை உறுதிசெய்வது. மூன்றிலும் துல்லியம் வேண்டியது இதில்தான், பலரும் அசட்டையாக எழுதுவதும் இதைத்தான். "முழுத் தொகையும் வந்துவிட்டது" என்று எழுதுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, உண்மையில் வந்துவிட்டதா? வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவிலிருந்து "பணம் அனுப்பியிருக்கிறோம்" என்று தானாக வரும் அறிவிப்பு வேறு, உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஓரிரு வேலை நாட்கள் ஆகலாம். கணக்கு எண்ணில் பிழை இருந்தால் பணம் திரும்பியும் போகலாம். அறிவிப்பை மட்டும் பார்த்து "கிடைத்தது" என்று எழுதிவிட்டால், பிறகு கிடைக்கவில்லை என்று சொல்லும்போது உங்கள் மின்னஞ்சலே உங்களுக்கு எதிராக நிற்கும். காசோலையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கணக்கில் தொகை தெரிந்தாலும், அது மாறி முடியும் வரை காத்திருங்கள்.

இரண்டு, வந்த தொகையும் பில் தொகையும் ஒன்றா? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் இடையிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவது வழக்கம். உதாரணமாக, அவர் 84,000 அனுப்பியிருப்பார், உங்களுக்கு அதில் கொஞ்சம் குறைந்து வந்திருக்கும். சில நாடுகளில் வாடிக்கையாளரே வரியைப் பிடித்தம் செய்துவிட்டு மீதியைத்தான் அனுப்புவார். பில்லிலேயே முன்கூட்டிச் செலுத்தினால் தள்ளுபடி என்று போட்டிருந்தால், அந்தத் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு அனுப்பியிருப்பார், அது அவர் உரிமை. ஆன்லைன் கட்டணச் சேவை வழியாக வந்தால் நிலைமை வேறு. அவர் முழுத் தொகையும் கட்டிவிட்டார், சேவை நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்து உங்களுக்கு அனுப்புகிறது. அங்கே அவர் கட்டிய தொகையைத்தான் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், உங்கள் கைக்கு வந்ததை அல்ல. அந்தக் கட்டணம் உங்கள் செலவு.

தொகை குறைந்திருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். நன்றி மின்னஞ்சலில் "முழுத் தொகை", "மொத்தக் கணக்கும் தீர்ந்தது" போன்ற சொற்களைத் தவிர்த்துவிட்டு, வந்த தொகையை எண்ணால் மட்டும் எழுதுங்கள். குறைவைப் பற்றிக் கணக்குப் பிரிவுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள். நன்றியையும் பாக்கியையும் ஒரே கடிதத்தில் வைத்தால், படிப்பவருக்குப் பாக்கி மட்டும்தான் தெரியும். உங்களுக்கு முழுத் தொகையும் வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள், எனவே பில்லின் பாக்கி எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதலாம். எழுதவும் வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஆண்டு முடிவில் உங்கள் பெயருக்கு நேரே நிலுவை இல்லை என்று காட்ட, இந்த ஒரு வரி போதும்.

ஆக, உறுதிசெய்யும் வரியில் நான்கு விவரங்கள் இருந்தால் போதும்: பில் எண், தொகை, வரவான தேதி, பாக்கி இல்லை என்ற சொல். வாடிக்கையாளர் வேறு நாட்டில் இருந்தால் நாணயத்தை அதன் மூன்றெழுத்துக் குறியீட்டோடு எழுதுங்கள், ஒரே குறியைப் பல நாடுகளின் நாணயங்கள் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணை இந்த மின்னஞ்சலில் எழுதாதீர்கள். பணம் வந்துவிட்ட பிறகு அது யாருக்கும் தேவையில்லை. பில், பணம் என்று ஓடும் மின்னஞ்சல் உரையாடலுக்குள் நுழைந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் எழுதி அடுத்த பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. அவர்களுக்கு வேண்டிய விவரத்தை நாமே ஏன் எழுதி வைக்க வேண்டும்? இந்த மின்னஞ்சல் முறையான ரசீதுக்கு ஈடாகுமா என்பது அந்தந்த நாட்டு வரிச் சட்டத்தைப் பொறுத்தது. வாடிக்கையாளர் ரசீது கேட்டால் தனி ஆவணமாகக் கொடுங்கள். எந்த வடிவில் என்று உங்கள் ஊர்க் கணக்காளரைக் கேளுங்கள், நான் இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது.

அடுத்த வேலை பற்றிய குறிப்புக்கு வருகிறேன். உங்களுடைய கடைசி வரி, "அடுத்து ஏதாவது வேலை இருந்தால் அவசியம் சொல்லுங்கள்", கெஞ்சலாகத் தெரிகிறது என்று உங்களுக்கே உறுத்துகிறது போலும். காரணம் பணிவு கூடிப்போனது அல்ல. அந்த வரியில் வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என்ன வேலை, எப்போது, உங்களிடம் ஏன் என்ற மூன்றையும் அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் யோசிக்க மாட்டார். "கண்டிப்பாக" என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிட்டு மறந்துவிடுவார். நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது அதைத்தான் செய்தேன்.

உங்கள் விஷயத்தில் கைவசம் நல்ல சரக்கு இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. அடுத்த மாடல் வரப்போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கையேட்டின் பக்க அமைப்பு, பாகங்களின் படங்கள், எச்சரிக்கைக் குறிகள், அட்டவணைகள் எல்லாம் உங்களிடம் ஒழுங்காக இருக்கின்றன. புதிய மாடலில் சில படங்களும் சில அளவுகளும் மாறும், மீதி அப்படியே நிற்கும். வேறொருவரிடம் கொடுத்தால் அவர் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். இந்த உண்மையை ஒரு வரியில் சொல்வதே குறிப்பு. அதில் வேண்டுகோளே தேவையில்லை. அவருடைய நிகழ்ச்சி ஒன்று, உங்கள் கையில் ஏற்கெனவே தயாராக இருக்கும் பொருள் ஒன்று, அவர் எப்போது அசைய வேண்டும் என்பது ஒன்று. இந்த மூன்றும் அமைந்தால் கெஞ்சல் தானாகவே காணாமல் போய்விடும்.

இவற்றை வைத்து உங்கள் மின்னஞ்சலை நான் எழுதினால் இப்படி இருக்கும். பில் எண்ணையும் தொகையையும் உதாரணத்துக்குத்தான் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள். பொருள் வரியில் "பில் 0147: பணம் கிடைத்தது, நன்றி" என்று மட்டும். உள்ளே:

"வணக்கம். பயனர் கையேட்டுக்கான பில் 0147இன் முழுத் தொகை 84,000 மார்ச் 12ஆம் தேதி எங்கள் கணக்கில் வரவாகிவிட்டது. இந்தப் பில்லில் இனிப் பாக்கி எதுவும் இல்லை.

ஏப்ரல் 2 வரை அவகாசம் இருந்தும், பில்லை உடனே பார்த்து அனுப்பி வைத்ததற்கு நன்றி.

அடுத்த மாடலைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். இந்தக் கையேட்டின் பக்க அமைப்பையும் படங்களையும் அதற்கும் பயன்படுத்தும் விதத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். மாடலின் அளவுகள் முடிவானதும் தெரிவித்தால், எந்தெந்தப் பக்கங்கள் மாற வேண்டியிருக்கும் என்று பார்த்து மதிப்பீடு அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். இதில் சில சொற்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன். "மாற்றித் தருகிறேன்" என்று எழுதவில்லை, "பார்த்து மதிப்பீடு அனுப்புகிறேன்" என்று எழுதினேன். மாற்றித் தருகிறேன் என்றால், அது இதே விலைக்குள் அடங்கிய வேலை என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் படிக்க இடம் உண்டு, அதுவும் பணம் கிடைத்தது என்று சொல்லும் அதே கடிதத்தில் இருக்கும்போது. மின்னஞ்சல் எழுத்துச் சான்று. உற்சாகத்தில் எழுதிய ஒரு வினைச்சொல் இலவச வேலையாக வந்து நிற்பதை என்னிடம் கணக்கு எழுதுபவர்களிடையே பார்த்திருக்கிறேன். அதேபோல "மூலக் கோப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன" என்றும் எழுதவில்லை. ஒப்பந்தப்படி அவற்றை ஒப்படைத்திருக்க வேண்டும் என்றால், "அப்படியானால் அனுப்பி வையுங்கள்" என்ற பதில்தான் வரும். ஒப்படைக்க வேண்டியவை இருந்தால் இந்தக் கடிதத்துக்கு முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முன்கூட்டிப் பணம் செலுத்தியதையும் அடுத்த வேலையையும் எந்த வரியிலும் முடிச்சுப் போடவில்லை. "நீங்கள் சீக்கிரம் பணம் தருவதால் உங்கள் வேலைக்கு முன்னுரிமை கொடுப்பேன்" என்று எழுதும் ஆசை வரும். அது பாராட்டுப் போலத் தோன்றும், ஆனால் உள்ளே ஒரு நிபந்தனை இருக்கிறது: அடுத்த முறை தாமதமானால் முன்னுரிமை போய்விடும். "இனியும் இப்படியே தொடருங்கள்" என்பதும் அந்த ரகம்தான். பில்லில் 30 நாள் அவகாசம் கொடுத்தவர் நீங்கள், 30ஆம் நாள் பணம் வந்தாலும் அது சரியான நேரமே. உற்சாகத்தில், முன்கூட்டிச் செலுத்தினால் தள்ளுபடி தருவதாக இங்கே எழுதிவிடாதீர்கள். வணிகத்தில் வழக்கமாக உள்ள ஒரு ஏற்பாடு, 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத் தொகை என்பது. 20 நாள் முன்னதாகப் பணம் கிடைப்பதற்கு 100இல் 2ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 37 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். எதுவும் கொடுக்காமலே 9ஆம் நாள் பணம் அனுப்பியவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

யாருக்கு அனுப்புவது என்பது மேலே சொன்ன மூன்று பேர் விஷயத்தோடு சேர்ந்தது. உங்களோடு வேலை பேசியவரே பில்லையும் பார்த்துப் பணமும் அனுப்பினார் என்றால், மேலே உள்ள கடிதம் அப்படியே போகலாம். பில்லைக் கணக்குப் பிரிவின் பொது முகவரிக்குத்தான் அனுப்பினீர்கள் என்றால், அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் பத்தியும் ஒரு வரி நன்றியும் கணக்குப் பிரிவுக்கு, பில் அனுப்பிய அதே உரையாடலின் பதிலாக. அங்கிருப்பவர் பிறகு தேடும்போது பில்லும் உறுதியும் ஒரே இடத்தில் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது பத்திகள் உங்கள் வாடிக்கையாளருக்குத் தனியாக. கணக்குப் பிரிவில் உள்ளவருக்கு அடுத்த மாடலைப் பற்றிச் சொல்லிப் பயன் இல்லை. இன்னும் ஒரு சிக்கல், வாடிக்கையாளரின் மேலாளருக்கும் அந்தக் கடிதத்தின் நகல் போனால் வரும். அடுத்த மாடலுக்கு இன்னும் நிதி ஒதுக்கப்படாமல் இருக்கலாம். பேச்சுவாக்கில் சொன்னதை நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுத்தில் எடுத்து வைத்தால், அவர் வாக்குக் கொடுத்துவிட்டதுபோல் ஆகிவிடும். எனவே குறிப்பு அவருக்கு மட்டும் போகட்டும்.

குறிப்பே வேண்டாம் என்று நான் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. இதே வாடிக்கையாளரிடம் வேறு ஒரு பில் நிலுவையில் இருந்தால் வேண்டாம். கொடுத்த வேலையில் அவர் சொன்ன திருத்தம் ஏதாவது மிச்சம் இருந்தாலும் வேண்டாம். அங்கே அடுத்த வேலையைப் பற்றிப் பேசுவதை விட, அந்தத் திருத்தம் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதுவதுதான் பொருத்தம். வேலை முடிவதற்கு முன்பே பணம் வந்திருந்தால் அது முன்பணம். கடிதத்தில் அதை முன்பணம் என்றே குறிப்பிட்டு, எஞ்சியிருப்பது என்ன, எப்போது ஒப்படைப்பீர்கள் என்று எழுதுங்கள். மாடல் போலக் குறிப்பாகச் சொல்ல ஒன்றும் கைவசம் இல்லாதபோதும் விட்டுவிடலாம். பொதுவாக "வாய்ப்புக்குக் காத்திருக்கிறேன்" என்று எழுதுவதை விட, நன்றியோடு நிறுத்திவிடுவது மேல் என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு, கேட்காமல் விட்டால் மறந்துவிடுவார்கள் என்பார்கள். அதை முற்றிலும் மறுக்க என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. பெறுபவர் நாற்காலியில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, வரவு உறுதியான அன்றோ அடுத்த வேலை நாளிலோ அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், அடுத்த வேலையைக் கேட்பதற்காகவே நன்றியைச் சாக்காக எடுத்ததுபோல் தெரியும். பதில் வராமல் போகலாம், இந்தக் கடிதத்துக்குப் பதில் தேவையே இல்லை. "என் மின்னஞ்சல் கிடைத்ததா" என்று கேட்டுத் திரும்ப எழுதாதீர்கள். மாடல் வெளிவரும் காலம் நெருங்கும்போது எழுதுவதானால், பில் உரையாடலைத் தொடராமல், மாடலின் பெயரைப் பொருள் வரியில் வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். அவரே உடனே "எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டால் அங்கேயே ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டாம். எத்தனை பக்கம் மாறும், படங்கள் புதிதாக வரைய வேண்டுமா, மொழிபெயர்ப்புப் பதிப்பு உண்டா என்ற மூன்றையும் கேட்டு, விடை வந்த பிறகு மதிப்பீட்டைத் தனி ஆவணமாக அனுப்புங்கள்.